ரிலே 'டிக்' என்கிறது, செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை: கோளாறு எங்கே என்று அளந்து கண்டுபிடிக்கும் வழி

பைக்கின் சாவியைத் திருப்புகிறீர்கள், மீட்டரில் விளக்குகள் எரிகின்றன. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது புது ரிலே வாங்கி மாட்டுவது. சத்தம் அங்கிருந்து வருவதால் கோளாறும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். பல சமயம் ரிலே நன்றாகவே இருக்கும். மாற்றியும் அதே 'டிக்' கேட்கும், அடுத்து பேட்டரி, அதற்கடுத்து மோட்டார் என்று செலவு வளரும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், பட்டனை அழுத்த இன்னொருவரும் இருந்தால், எதையும் வாங்காமலே கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லிவிடலாம். சீட்டையும் பக்கவாட்டு மூடியையும் கழற்றும் நேரத்தைத் தவிர்த்தால், அளக்க அரை மணி நேரம் போதும்.

இந்த வழிகாட்டி ரிலே ஒரு பக்கமும் மோட்டார் எஞ்சினிலும் தனித்தனியாக இருக்கும் வழக்கமான பைக்குகளுக்கு. சில பெரிய வண்டிகளில் கார்களைப் போல, ரிலேயின் வேலையைச் செய்யும் சோலினாய்டு மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கேயும் அளக்கும் முறை இதேதான், இடம் மட்டும் வேறு. ஜெனரேட்டரே செல்ஃப் மோட்டாராகவும் வேலை செய்யும் சத்தமில்லாத ஸ்டார்ட் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

1. அந்த 'டிக்' என்ன சொல்கிறது

செல்ஃப் அமைப்பில் இரண்டு மின்பாதைகள் உண்டு. சின்ன பாதையில் பட்டன், கில் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் அல்லது சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், கடைசியில் ரிலேயின் உள்ளே இருக்கும் சுருள் ஆகியவை வரும். இதில் ஓடுவது சில ஆம்பியர் மின்னோட்டம்தான். சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் செம்புத் தகட்டை இழுத்து இரண்டு தடித்த போல்ட்டுகளையும் இணைக்கிறது. தகடு போய் இடிக்கும் சத்தம்தான் 'டிக்'.

பெரிய பாதை பேட்டரியின் பாசிட்டிவில் தொடங்குகிறது. தடித்த ஒயர் வழியாக ரிலேயின் ஒரு போல்ட்டுக்கு வந்து, தகட்டைத் தாண்டி அடுத்த போல்ட்டுக்குப் போய், இன்னொரு தடித்த ஒயரில் மோட்டாருக்குள் நுழைகிறது. கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், சுருள் எல்லாவற்றையும் கடந்து மோட்டாரின் உடம்புக்கு வந்து, எஞ்சின் வழியாக எர்த் ஒயரில் ஏறி பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. வண்டியின் அளவைப் பொறுத்து இதில் சில பத்து ஆம்பியரிலிருந்து நூறுக்கு மேலும் ஓடும்.

'டிக்' கேட்டால் சின்ன பாதை வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆகவே பட்டனைக் கழற்றுவது, நியூட்ரல் ஸ்விட்ச்சைச் சோதிப்பது, ஃபியூஸைப் பார்ப்பது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பல வண்டிகளில் முக்கிய ஃபியூஸ் ரிலேயின் மேலேயே இருப்பதால் அதைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் பெரிய மின்னோட்டம் அந்த ஃபியூஸ் வழியாகப் போவதில்லை. அது போயிருந்தால் 'டிக்' சத்தமே வந்திருக்காது.

இனி தேடவேண்டியது பெரிய பாதையில் மட்டும்.

2. தொடங்குமுன் எடுத்து வைக்கவேண்டியவை

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் எடுத்து வையுங்கள். அதில் உங்களுக்கு வேண்டியவை மூன்று: ரிலே எங்கே இருக்கிறது என்ற படம், ஒயரிங் வரைபடம், மோட்டார் பிரஷ்ஷின் குறைந்தபட்ச நீளம். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் அந்தத் தாள்களைப் படித்துவிட்டு மேலே போங்கள். வோல்டேஜ் அளப்பதால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது, மோட்டாரைப் பிரித்தால் ஆகலாம். பேட்டரிக்குத் தனி வாரண்டி அட்டை இருக்கும், அதில் வாங்கிய தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் 20 அளவுக்கு வையுங்கள். ஓம் அளவைக்குப் போகாதீர்கள். தடித்த ஒயர் ஒன்றில் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சம் இருந்தாலும், ஓம் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே காட்டும். மீட்டர் தன் சோதனைக்கு அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதற்கு அந்த ஓர் இழையே தாராளம். நூறு ஆம்பியர் ஓடும் பாதையில் 0.05 ஓம் கூடுதலாக இருந்தாலே 5 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். அந்த 0.05 ஓமைச் சாதாரண மீட்டரால் நம்பும்படி அளக்க முடியாது, 5 வோல்ட்டைத் துல்லியமாக அளக்க முடியும். இந்தக் கட்டுரையின் முறை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது: பட்டன் அழுத்தியிருக்கும்போது வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்ப்பது.

பாதுகாப்புக்கு நான்கு விஷயம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் வையுங்கள், கோளாறு நடுவில் சரியாகி எஞ்சின் திடீரென்று ஓடலாம். அதே காரணத்தால் மூடிய அறைக்குள் செய்யாதீர்கள். மோதிரம், உலோக வாட்ச் செயின் கழற்றிவிடுங்கள். பட்டனை ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 நொடிக்கு மேல் அழுத்தவேண்டாம், இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் ஓடும் மோட்டாரைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும், சுருள் சீக்கிரம் சூடாகிவிடும்.

3. மீட்டருக்கு முன் காதும் கண்ணும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பட்டனை அழுத்துங்கள். சில வண்டிகளில் பட்டன் அழுத்தும்போது ஹெட்லைட் தானாகவே அணையும்படி அமைத்திருப்பார்கள். அப்படியானால் நியூட்ரல் விளக்கையோ மீட்டர் விளக்கையோ கவனியுங்கள்.

'டிக்-டிக்-டிக்' என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் பேட்டரியோ அதன் முனைகளோதான். ரிலே இணைக்கிறது, மோட்டார் இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, ரிலே சுருளைப் பிடித்து வைக்கக்கூட வோல்டேஜ் போதாமல் தகடு விடுபடுகிறது, உடனே வோல்டேஜ் ஏறி மறுபடியும் இணைக்கிறது. நொடிக்குப் பல முறை இது நடப்பதால்தான் அந்தப் படபடப்பு.

ஒரே ஒரு 'டிக்', விளக்கு மிகவும் மங்குகிறது என்றால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகி நிற்கிறது. ஒரே 'டிக்', விளக்கு கொஞ்சம்கூட மங்கவில்லை என்றால் பெரிய மின்னோட்டம் ஓடவே இல்லை. ரிலேயின் உள்தகடு கருகியிருக்கலாம், ஒயர் விட்டிருக்கலாம், மோட்டாரின் பிரஷ் தொடாமல் இருக்கலாம்.

இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. அளக்காமல் இதை வைத்துக்கொண்டு சாமான் வாங்காதீர்கள்.

4. பேட்டரி: சும்மா இருக்கும்போதும் அழுத்தும்போதும்

மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈய முனையிலேயே வையுங்கள். அதில் திருகியிருக்கும், ஒயர் நுனியின் உலோக வளையமான லக்கிலோ போல்ட்டிலோ வைத்தால், முனைக்கும் லக்குக்கும் இடையே இருக்கும் அழுக்கு உங்கள் கணக்கில் வராமல் போய்விடும்.

சார்ஜ் போட்டு முடித்து அல்லது வண்டி ஓட்டி முடித்துச் சில மணி நேரம் ஆன, 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே இருந்தால் மேலே எதையும் அளந்து பயனில்லை, முதலில் சார்ஜ் போடுங்கள். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் போடுவது வழக்கம். 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். வெறுமையாகிப் போன பேட்டரிக்கு ஓர் இரவு ஆகும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் இந்த எண்கள் பொருந்தாது, சும்மா இருக்கும்போதே 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதற்கென்று உள்ள சார்ஜரைத்தான் பயன்படுத்தவேண்டும்.

இனி முக்கியமான அளவு. மீட்டர் முனைகளை அப்படியே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். எண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை, அல்லது ஏதோ ஒன்று அளவுக்கு மீறி இழுக்கிறது. எது என்று தெரிய, நல்ல பேட்டரி ஒன்றை வைத்துப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் விஷயம் முடிந்தது. நல்ல பேட்டரியும் அதே மாதிரி விழுந்தால் 7, 8-ஆம் படிகளுக்குப் போங்கள். சும்மா இருக்கும்போது 12.7 காட்டிய பேட்டரி அழுத்தியதும் 6-க்கு விழுவது சர்வ சாதாரணம். 'மீட்டரில் 12.7 காட்டுகிறதே, பேட்டரி நல்லதுதான்' என்று பேட்டரியை ஒதுக்கிவிடுவது இந்தக் கோளாறில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

10, 11-க்கு மேலேயே நின்றால், அதோடு மோட்டாரும் சுற்றவில்லை என்றால், பேட்டரியை விட்டுவிடலாம். வோல்டேஜ் இருக்கிறது, வழியில் எங்கேயோ தடுக்கிறது.

கார் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க: காரின் எஞ்சின் ஓடக்கூடாது. இன்னொன்று, கறுப்பு கேபிளைப் பைக்கின் எஞ்சினில் கவ்வினால் எர்த் ஒயரையே தாண்டிப் போய்விடுகிறீர்கள். அப்படி வைத்து வண்டி ஸ்டார்ட் ஆனால் பேட்டரிதான் கெட்டது என்று முடிவு கட்ட முடியாது, எர்த் ஒயர் கெட்டிருந்தாலும் இதே முடிவுதான் வரும்.

5. நான்கு இடத்தில் வோல்டேஜ் இழப்பை அளப்பது

ஒரு நல்ல ஒயரின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால், மின்னோட்டம் ஓடும்போதுகூட கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டவேண்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு வோல்ட் மோட்டாருக்குப் போகாமல் அங்கே வீணாகிறது. கீழே உள்ள நான்கையும் பட்டன் அழுத்தியிருக்கும்போதே படிக்கவேண்டும். அழுத்தாதபோது மின்னோட்டம் இல்லை, இழப்பும் இருக்காது.

முதலாவது, பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலிருந்து ரிலேயில் பேட்டரி ஒயர் வந்து சேரும் போல்ட்டின் தலை வரை. 0.2 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.

இரண்டாவது, ரிலேயின் ஒரு தடித்த போல்ட்டிலிருந்து மற்றொன்றுக்கு. இங்கே மட்டும் அழுத்துவதற்கு முன்னும் பாருங்கள். அழுத்தாதபோது பேட்டரி வோல்டேஜ் முழுதாகத் தெரியவேண்டும், ஏனென்றால் மறுபக்கம் மோட்டார் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அப்போதே பூஜ்யமோ ஓரிடத்தில் நிற்காத எண்ணோ காட்டினால், மோட்டார் பக்கம் பாதை முழுதாக அறுந்திருக்கிறது. பிரஷ் தேய்ந்து தொடாமல் போனதற்கு இது நல்ல அடையாளம். அழுத்தியதும் எண் 0.3-க்குள் விழவேண்டும். 'டிக்' கேட்டும் 12-லேயே நின்றால் தகடு இணைக்கவில்லை. 2, 3 என்று நின்றால் இணைக்கிறது, ஆனால் கருகிய மேற்பரப்பு வழியாக.

மூன்றாவது, ரிலேயின் மோட்டார் பக்க போல்ட்டிலிருந்து மோட்டாரில் ஒயர் மாட்டும் திருகு வரை. 0.2-க்குள். இந்தத் திருகு பெரும்பாலும் ரப்பர் தொப்பிக்குள் ஒளிந்திருக்கும், சேறும் தண்ணீரும் தங்கும் இடம். தொப்பியைத் தள்ளிப் பார்க்காமல் விடாதீர்கள்.

நான்காவதுதான் அதிகம் மறக்கப்படுவது: மோட்டாரின் உடம்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனை வரை. 0.2-க்குள். மோட்டாரின் மேல் பெயின்ட் இருந்தால் மீட்டர் முனை தொடாது. பொருத்தும் போல்ட்டின் தலையில் கொஞ்சம் சுரண்டி வையுங்கள்.

நான்கும் சரியாக இருந்து, மோட்டார் திருகுக்கும் அதன் உடம்புக்கும் இடையே அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சுற்றவில்லை என்றால், அதற்கு வெளியே இருக்கும் எல்லாமே நல்லது. மோட்டாரைக் கழற்றலாம்.

6. ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்

ஒரு வண்டி. ஒரே 'டிக்', விளக்கு லேசாக மங்குகிறது. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7. அழுத்தும்போது 12.1. புது ரிலே மாட்டியும் மாற்றமில்லை.

அழுத்தும்போது 12.1 என்பதே பாதிக் கதையைச் சொல்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மின்னோட்டமும் ஓடுகிறது, ஆனால் மோட்டார் நின்ற இடத்திலிருந்து கிளம்புமளவுக்கு ஓடவில்லை. மோட்டாரின் திருகுக்கும் உடம்புக்கும் இடையே அளந்தால் 3.9. மிச்சம் 8.2 வோல்ட் வழியில் எங்கோ இருக்கிறது.

பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டார் திருகு வரை ரிலேயையும் சேர்த்து ஒரே வீச்சில் அளந்தால் 0.3. அந்தப் பக்கம் முழுக்கச் சுத்தம், ரிலே மேல் சந்தேகமே வேண்டாம். மோட்டார் உடம்பிலிருந்து நெகட்டிவ் முனைக்கு அளந்தால் 7.9. கூட்டிப் பாருங்கள்: 0.3, 3.9, 7.9 சேர்ந்தால் 12.1, பேட்டரி காட்டிய அதே எண். கணக்கு சரியாக வந்தால் நீங்கள் எந்த இடத்தையும் விடவில்லை என்று உறுதி. வராவிட்டால் மீட்டர் முனை எங்கேயோ சரியாகத் தொடவில்லை, மறுபடி அளங்கள்.

இப்போது எர்த் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். நெகட்டிவ் முனையிலிருந்து அதில் மாட்டியிருக்கும் லக் வரை 0.05. எஞ்சினில் மாட்டியிருக்கும் லக்கிலிருந்து மோட்டார் உடம்பு வரை 0.15. ஒயரின் ஒரு லக்கிலிருந்து இன்னொரு லக் வரை 7.7. இரண்டு முனைகளும் பளபளவென்று இருக்கின்றன, திருகுகள் இறுக்கமாக இருக்கின்றன, ஒயர்தான் கெட்டது. லக்கைக் கவ்வியிருக்கும் இடத்தில் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தால் செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்கின்றன. இரண்டு மூன்று முறை அழுத்திய பின் அந்த இடத்தைத் தொட்டால் கைக்குச் சூடு தெரியும். நல்ல இடத்தில் அப்படிச் சூடு வராது. மீட்டர் கையில் இல்லாத நேரத்திலும் இந்தச் சூடு நல்ல துப்பு.

அதே தடிமனில் ஒரு எர்த் ஒயர் போட்டால் வண்டி சரியாகிவிடும். மெல்லிய ஒயரைப் போட்டால் புதிய ஒயரிலேயே அதே இழப்பு வரும்.

7. இழப்பு எங்கே என்று தெரிந்த பின்

ஒயர் அல்லது முனையில் இழப்பு இருந்தால்: நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாமல் இருக்க இதுதான் வழி. லக்கையும் அது உட்காரும் இடத்தையும் கம்பித் தூரிகையால் உலோக நிறம் தெரியும் வரை தேயுங்கள். எர்த் ஒயர் எஞ்சினில் உட்காரும் இடத்தில் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டுங்கள். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம், மாட்டுவதற்கு முன் அப்ப வேண்டாம்.

ரிலேயில் இழப்பு இருந்தால் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ரிலே சுருளுக்குப் போகும் இரண்டு மெல்லிய ஒயர்களுக்கு இடையே, பிளக் மாட்டியபடியே, பட்டன் அழுத்தி அளங்கள். பேட்டரியில் அந்த நேரத்தில் இருக்கும் வோல்டேஜைவிட ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது. 8 வோல்ட்தான் வருகிறது என்றால், சுருள் தகட்டை இழுக்கிறது, ஆனால் போதிய அழுத்தத்தோடு பிடிக்கவில்லை. 'டிக்' கொஞ்சம் மந்தமாகக் கேட்கும். இந்த நிலையில் குற்றவாளி பட்டனோ கிளட்ச் ஸ்விட்ச்சோதான், புது ரிலேயும் சில நாளில் இதேபோல் கருகிவிடும். சுருளுக்கு முழு வோல்டேஜ் வந்தும் போல்ட்டுகளுக்கு இடையே இழப்பு இருந்தால் ரிலே முடிந்தது. பிரித்துத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், புதியது வாங்குங்கள்.

கழற்றிய ரிலேயை மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்து, ஓம் மீட்டரில் 'டிக் கேட்கிறது, பூஜ்யம் காட்டுகிறது, நல்லதுதான்' என்று சொல்பவர்கள் உண்டு. முன்பு சொன்ன அதே காரணத்துக்காக அதை நம்ப முடியாது. கருகிய தகட்டின் ஒரு புள்ளி தொட்டாலே பூஜ்யம் காட்டும்.

ரிலேயின் இரண்டு போல்ட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதனால் தெரியவருவதும் உண்மையே: தொட்டதும் மோட்டார் சுற்றினால் ரிலேயின் உள்தகடுதான் கெட்டது. ஆனால் அது நியூட்ரல், கிளட்ச் பாதுகாப்பு எதையும் மதிக்காது, கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும். பெரிய தீப்பொறி வரும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், அருகில் பெட்ரோல் டியூபும் இருக்கும். மீட்டர் இருக்கும்போது இதற்குத் தேவையில்லை. வழியில் வேறு கதியில்லாமல் செய்வதென்றால் நியூட்ரலை இரண்டு முறை சரிபார்த்து, கைப்பிடி உறை நல்ல நிலையில் இருக்கும் தடித்த ஸ்க்ரூடிரைவரால், தயங்காமல் அழுத்தமாகத் தொடுங்கள். அரைகுறையாகத் தொட்டால்தான் பொறி பறந்து போல்ட்டின் மரை உருகும்.

மோட்டாருக்கு முழு வோல்டேஜ் வந்தும் சுற்றவில்லை என்றால்: பட்டனை அழுத்திக்கொண்டே மோட்டாரின் உடம்பில் ரப்பர் சுத்தியலாலோ ஸ்பேனர் பிடியாலோ லேசாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, அல்லது தன் கூட்டில் சிக்கி நிற்கிறது. அது தற்காலிக நிம்மதி மட்டுமே, சீக்கிரமே தட்டினாலும் சுற்றாது. பலமாக அடிக்காதீர்கள். சில மோட்டார்களில் காந்தம் உடம்பின் உட்புறம் ஒட்டியிருக்கும், அடியில் உடைந்துவிடும்.

மோட்டாரைக் கழற்றும்போது ஒயர் திருகில் கவனம் வேண்டும். அங்கே பெரும்பாலும் இரண்டு நட்டுகள் இருக்கும். உள் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை மட்டும் திருப்புங்கள். துருப்பிடித்த நட்டை அப்படியே திருகினால் உள்ளே இருக்கும் திருகே சுழன்று, அதை உடம்பிலிருந்து பிரிக்கும் இன்சுலேஷன் வாஷர் உடையும். அதோடு நல்ல மோட்டாரும் ஷார்ட் ஆகிவிடும்.

பிரிக்குமுன் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். அச்சில் இருக்கும் மெல்லிய வாஷர்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், மாறினால் மோட்டார் இறுகும். பிரஷ்ஷின் நீளத்தை மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு இரண்டு சோதனைகள் ஓம் மீட்டரிலேயே போதும். கம்யூட்டேட்டரின் ஒரு செம்புப் பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தொடர்பு இருக்கவேண்டும், எந்தப் பட்டையிலிருந்தும் அச்சுக்குத் தொடர்பு இருக்கக்கூடாது. ஒயர் திருகிலிருந்து உடம்புக்கும், ஆர்மேச்சரை வெளியே எடுத்த நிலையில், தொடர்பு இருக்கக்கூடாது. இவை சரியென்றால் பிரஷ் செட்டும் ஓ-ரிங்கும் மாற்றினால் போதும்.

8. எல்லாம் சரி, ஆனால் எஞ்சினே சுற்ற மறுக்கிறது

பேட்டரி வோல்டேஜ் பலமாக விழுகிறது, நல்ல பேட்டரி வைத்தாலும் விழுகிறது, ஒயர்களில் பெரிய இழப்பு இல்லை என்றால், மோட்டார் ஷார்ட் ஆகியிருக்கலாம் அல்லது எஞ்சின் இறுகியிருக்கலாம். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினைப் பாருங்கள், அது எளிது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சீராகச் சுற்றவேண்டும்.

பிளக்கைக் கழற்றியதும் துளையிலிருந்து பெட்ரோலோ தண்ணீரோ வந்தால், சிலிண்டருக்குள் திரவம் நிரம்பி பிஸ்டனைத் தடுத்திருக்கிறது. கார்புரேட்டர் ஃப்ளோட் ஊசி ஒழுகும் வண்டியை டேப் மூடாமல் பல நாள் நிறுத்தினால் இப்படி ஆகும். பிளக் மாட்டியபடி பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதோ தள்ளி ஸ்டார்ட் செய்வதோ கனெக்டிங் ராடை வளைத்துவிடும். திரவத்தை வெளியேற்றி, ஒழுகலைச் சரிசெய்து, ஆயிலையும் பாருங்கள். பெட்ரோல் அதில் கலந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

9. செலவும் நேரமும்

முனைகளைத் தேய்க்க செலவே இல்லை, அரை மணி நேரம். எர்த் ஒயரும் பிரஷ் செட்டும் மலிவான சாமான்கள். ரிலே அதைவிடக் கொஞ்சம் கூட. பேட்டரியும் முழு மோட்டாரும்தான் கையைக் கடிக்கும், அவை இரண்டையும் அளவு எண் கையில் இல்லாமல் வாங்காதீர்கள். பிரஷ் மாற்றும் வேலைக்கு, மோட்டார் எளிதில் எட்டும் வண்டியில் ஒரு மதியம் போதும். எக்ஸாஸ்டோ கார்புரேட்டரோ குறுக்கே இருக்கும் வண்டியில் ஒரு நாளை ஒதுக்குங்கள். மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால் நான்கு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 'எர்த் பக்கம் 7.9 வோல்ட் இழப்பு' என்று எழுதிய தாளோடு போகும்போது மோட்டாரைப் பிரிக்கவேண்டிய பேச்சே வராது.

பேட்டரிதான் காரணம் என்று முடிவானால், புதியதை மாட்டிய அன்றே சார்ஜிங்கையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினை மிதமாக முறுக்கிப் பிடித்து, பேட்டரி முனைகளில் அளந்தால் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும், மேனுவலில் உங்கள் வண்டிக்கான எண் இருக்கும். 12.6-லேயே நின்றால் ஸ்டேட்டரோ ரெகுலேட்டரோ சார்ஜ் கொடுக்கவில்லை, புதுப் பேட்டரியும் சில நாளில் காலியாகி அதே 'டிக்' திரும்பும். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. இரண்டிலுமே பேட்டரிக் கடை வாரண்டியை மறுக்க வாய்ப்புண்டு, அதனால் இந்த எண்ணையும் தேதியோடு வாரண்டி அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள்.